ஸ்பாட் 26,058, ஆனால் 26,050 கால் ஒரு ரூபாய்: எக்ஸ்பைரி நாளின் கடைசி நேரம் பற்றி

வைகைக்கரையான் | செவ்வாய், மாலை 4:12

வணக்கம் நண்பர்களே. இன்றைய நிஃப்டி வாராந்திர எக்ஸ்பைரியில் நடந்ததை நேர வரிசையில் எழுதுகிறேன். படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று புள்ளிகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

மதியம் 2:50க்கு ஸ்பாட் 26,035. 26,050 கால் 12 ரூபாய்க்கு வாங்கினேன். 2:58க்கு ஸ்பாட் 26,062 வந்தது, கால் 21 ஆனது. 30க்கு விற்பனை ஆர்டர் போட்டிருந்தேன், அதுவரை போகவில்லை. அடுத்த ஏழு நிமிடத்தில் மளமளவென்று இறங்கி 3:05க்கு ஸ்பாட் 26,000. கால் ஒன்றரை ரூபாய். இதுவரை புரிகிறது, இறங்கினால் கால் கரையத்தான் செய்யும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் புரியவில்லை. கால் மணி நேரம் 26,000 பக்கத்திலேயே கிடந்த ஸ்பாட், 3:20க்கு மறுபடி 26,058க்கு ஏறிவிட்டது. ஸ்ட்ரைக்கைத் தாண்டி எட்டு புள்ளி மேலே. கால் எட்டு ரூபாய்க்காவது இருக்க வேண்டாமா? திரையில் 1.10. அதே நொடியில் 26,050 புட் 18.20! ஸ்பாட் ஸ்ட்ரைக்குக்கு மேலே இருக்கும்போது புட்டுக்கு 18 ரூபாய் கொடுத்து யார் வாங்குகிறார்கள்? 3:30க்கு ஸ்பாட் 26,061இல் நின்றது. என் கால் பூஜ்யத்தில் செட்டில் ஆகிவிட்டது.

தரகு நிறுவனத்துக்கு போன் போட்டேன். "எக்ஸ்சேஞ்ச் கொடுத்த விலைதான் சார்" என்பதோடு சரி.

எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, இந்த 1.10 எப்படி வந்தது? இரண்டு, இரண்டரை மணிக்கு மேல் சார்ட் ஏன் இப்படி மேலும் கீழும் பாய்கிறது? எந்தச் செய்தியும் வரவில்லையே.

---

ஓஐ_ராஜா | மாலை 4:25

ப்ரோ, இதுல புரியாததுக்கு ஒண்ணுமே இல்ல. ஆப்ஷன் செயின்ல ஓப்பன் இன்ட்ரஸ்ட் பாத்தீங்களா? கால்லயும் புட்லயும் 26,000லதான் அதிகம். மேக்ஸ் பெயின், அதாவது ஆப்ஷன் வாங்கினவங்களுக்கு மொத்தமா அதிக நஷ்டம் வர்ற லெவல், 26,000. ஆப்ஷன் விக்கிற ரைட்டருங்க காசு போட்டவங்க, அவங்களுக்கு எங்க லாபமோ அங்கதான் மார்க்கெட்ட இழுத்துட்டு வருவாங்க. 2:58க்கு மேல ஏத்தி கால் வாங்கினவங்கள உள்ள இழுத்தாங்க, 3:05க்கு 26,000ல கொண்டுபோய் வச்சாங்க. பல வருஷமா நான் பாக்குறது இதான். எக்ஸ்பைரி அன்னிக்கு மேக்ஸ் பெயின விட்டு ரொம்ப தூரம் போற பொசிஷன எடுக்கவே கூடாது.

---

சேலம் செல்வம் | மாலை 4:41

எனக்கும் இதே பிரச்சினைதாங்க. போன மாசம் கடைசி செவ்வாய்க்கு முன்னாடி ஒரு வங்கிப் பங்கோட கால் வச்சிருந்தேன். நல்லா லாபத்துல இருந்துச்சு. திடீர்னு கூடுதல் மார்ஜின் கட்டுன்னு மெசேஜ் வந்துச்சு, கட்டலைன்னா நாங்களே வித்துடுவோம்னாங்க. ஆப்ஷன் வாங்கினவனுக்கு எதுக்குங்க மார்ஜின்? இந்தக் கடைசி நேர ஆட்டமும் அதனாலதான் வருதா?

---

தேன்மொழி_டெஸ்க் | மாலை 5:30

ஒரு தரகு நிறுவனத்தின் ஆர்பிட்ரேஜ் டெஸ்க்கில் நீண்ட காலம் இருந்தவள் நான். வைகை சார் முதலில் கேட்டதற்குத் துல்லியமான பதில் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் ஆப்ஷன் 3:30 மணி ஸ்பாட்டில் செட்டில் ஆவதில்லை. எக்ஸ்பைரி நாளின் நிஃப்டி க்ளோஸில்தான் செட்டில் ஆகிறது. அந்த க்ளோஸ் கடைசியாக நடந்த ட்ரேடின் விலை அல்ல. 50 பங்குகளில் ஒவ்வொன்றுக்கும் 3:00 முதல் 3:30 வரை நடந்த எல்லா ட்ரேடுகளையும் எடுத்து, அளவுக்கேற்ப எடை போட்டுச் சராசரி விலை காண்கிறார்கள். அதுதான் அந்தப் பங்கின் க்ளோஸ். அந்த 50 க்ளோஸ்களை வைத்து இண்டெக்ஸ் க்ளோஸ் கணக்கிடப்படுகிறது. அதனால் 3 மணிக்கு மேல் நீங்கள் கையில் வைத்திருப்பது ஸ்பாட்டின் மேல் உள்ள ஆப்ஷன் இல்லை, ஒரு சராசரியின் மேல் உள்ள ஆப்ஷன். நிமிடம் ஓட ஓட அந்தச் சராசரி கெட்டியாகிக்கொண்டே போகும்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். 3:00 முதல் 3:20 வரை ஸ்பாட் பெரும்பாலும் 26,000 பக்கம் இருந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் மேலே. சராசரி சுமார் 26,020 என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் முடிந்துவிட்டது, மீதி பத்து. அந்தப் பத்து நிமிடமும் ஸ்பாட் 26,058லேயே நின்றாலும் முப்பது நிமிடச் சராசரி 26,033க்கு மேல் போகாது. உங்கள் ஸ்ட்ரைக் 26,050. சராசரி அதைத் தொட வேண்டுமானால் மீதிப் பத்து நிமிடத்துக்கு ஸ்பாட் எவ்வளவு இருக்க வேண்டும்?

```
X = (30*S - n*A) / (30 - n)
```

S ஸ்ட்ரைக், n 3 மணியிலிருந்து கடந்த நிமிடங்கள், A அதுவரையிலான சராசரி. போட்டால் 26,110 வருகிறது. அதாவது 3:20க்கே ஸ்பாட் 52 புள்ளி தாவி, மணி அடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். அதற்கான வாய்ப்புக்குச் சந்தை கொடுத்த விலைதான் அந்த 1.10.

18.20க்குப் புட் வாங்கியவரையும் பாருங்கள். எதிர்பார்த்த க்ளோஸ் 26,033. 26,050 புட்டுக்கு அதில் 17 ரூபாய் உண்டு. அவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஸ்பாட்டை மட்டும் பார்த்துவிட்டு "18 ரூபாய் சும்மா கிடைக்கிறது" என்று அந்தப் புட்டை விற்க இறங்குபவர்களை ஒவ்வொரு வாரமும் பார்க்கலாம்.

செல்வம் சார், உங்களுடையது வேறு விஷயம். பங்கு ஆப்ஷன்கள் பணமாகத் தீர்வதில்லை, பங்காகவே கைமாறும். அதற்காக எக்ஸ்பைரிக்கு நான்கு நாள் முன்பிருந்தே, லாபத்தில் இருக்கும் ஆப்ஷனை வாங்கி வைத்திருப்பவரிடமும் டெலிவரி மார்ஜினைப் படிப்படியாகக் கேட்பார்கள். இண்டெக்ஸில் அது கிடையாது. தனி இழை போட்டால் விரிவாக எழுதுகிறேன்.

---

வைகைக்கரையான் | மாலை 5:52

நன்றி மேடம். இதை யாரும் சொன்னதே இல்லை. இப்போதுதான் என்எஸ்இ தளத்தில் பார்த்தேன், நிஃப்டி க்ளோஸ் 26,034 என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் என் ஐந்து நிமிட சார்ட்டின் கடைசி கேண்டில் 26,061இல் முடிகிறது! சார்ட் கொடுக்கும் ஆப்தான் தப்பாகக் காட்டுகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

---

தேன்மொழி_டெஸ்க் | மாலை 6:05

ஆப்பில் தப்பில்லை. இன்ட்ராடே கேண்டில் கடைசி நொடி ஸ்பாட்டைக் காட்டுகிறது, தினசரி கேண்டில் சராசரி க்ளோஸைக் காட்டுகிறது. இரண்டும் 27 புள்ளி விலகியிருப்பதே கடைசிப் பத்து நிமிடத்தில் தாமதமாக ஓர் ஏற்றம் வந்தது என்பதற்கான தடயம். பழைய எக்ஸ்பைரி நாட்களுக்கும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தெந்த நாளில் கடைசி நேர ஓட்டம் செட்டில்மென்டைத் தொடவே இல்லை என்று தெரிந்துவிடும்.

---

ஓஐ_ராஜா | மாலை 6:20

மேடம் சொல்ற கணக்கு சரி. ஆனா நான் சொன்னதும் தப்பு இல்லையே? 26,034ல க்ளோஸ் ஆயிருக்கு. மேக்ஸ் பெயின் 26,000. முப்பத்தி நாலு புள்ளிதான் வித்தியாசம்.

---

அல்கோ_அருண் | இரவு 7:48

ராஜா அண்ணா, 2:50க்கே ஸ்பாட் 26,035 தானே? அங்கிருந்து எங்கே க்ளோஸ் ஆனாலும் முப்பது நாற்பது புள்ளிக்குள் ஏதோ ஒரு பெரிய ஸ்ட்ரைக் இருக்கத்தான் செய்யும். ஸ்ட்ரைக்குகள் 50 புள்ளி இடைவெளியில் இருக்கின்றன. ஓப்பன் இன்ட்ரஸ்டும் நாள் முழுக்க ஸ்பாட்டின் பின்னாலேயே நகர்கிறது. காலையில் மேக்ஸ் பெயின் எவ்வளவு, மதியம் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வைத்துப் பார்த்தால் எது எதை இழுக்கிறது என்று தெரியும்.

வைகை அண்ணாவின் இரண்டாவது கேள்விக்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். காலை 9:20க்கு ஸ்ட்ராடில், அதாவது ஒரே ஸ்ட்ரைக்கின் காலையும் புட்டையும் சேர்த்து, விற்கும் அல்கோக்கள் நிறைய ஓடுகின்றன. என்னுடையதும் அந்த வகைதான். எல்லோருடைய ஸ்டாப்லாஸும் ஏறக்குறைய ஒரே சதவீதத்தில் இருக்கும். காலையில் பிரீமியம் 80, 90 இருக்கும்போது 30 சதவீதம் என்பது பெரிய தூரம். மதியம் மறுபடி 12 ரூபாய்க்கு விற்றவருக்கு அதே 30 சதவீதம் நாலு ரூபாய்கூட இல்லை. ஸ்பாட் பத்துப் பன்னிரண்டு புள்ளி ஏறினாலே ஸ்டாப் அடித்துவிடும். ஆப்ஷன்களில், ட்ரிக்கர் ஆனதும் கிடைக்கிற விலைக்கு முடியும் எஸ்எல்-எம் ஆர்டரை என்எஸ்இ 2021லேயே நிறுத்திவிட்டது. இருப்பது எஸ்எல் லிமிட் மட்டும். 15.60இல் ட்ரிக்கர், 16.50 லிமிட் என்று போட்டிருந்தால், விலை 15இலிருந்து நேரே 17க்குப் போகும்போது ஆர்டர் அப்படியே தொங்கும். அல்கோ அதை ரத்து செய்து 18இல் போடும், அதுவும் கிடைக்காது, 20இல் போடும். உங்கள் கால் 12இலிருந்து 21 போன எட்டு நிமிடத்தில் புதிதாக வாங்கியவர்களைவிட, விற்றதைத் திரும்ப வாங்க அலைந்தவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. 3:15 சுமாருக்கு இன்ட்ராடே பொசிஷன்களைத் தரகர்களே மூடத் தொடங்குவார்கள், அது இன்னொரு அலை.

---

நெல்லைப் பார்வை | இரவு 8:30

அருண் தம்பி சொல்வது ஆப்ஷன் விலை ஏன் குதிக்கிறது என்பதற்குப் பொருந்தும். ஆனால் கேள்வி சார்ட்டைப் பற்றியது. நிஃப்டி என்பது 50 பங்குகளின் விலையிலிருந்து வரும் ஒரு கணக்கு. கால் விலை 21 ஆனால் எச்டிஎஃப்சி வங்கிப் பங்கும் ரிலையன்ஸும் ஏன் ஏற வேண்டும்? நடுவில் யாரோ பங்கை வாங்கினால்தானே ஏறும்?

---

தேன்மொழி_டெஸ்க் | இரவு 9:15

நெல்லை ஐயா கேட்டதுதான் சரியான கேள்வி. அந்த நடுவில் இருப்பவர் மார்க்கெட் மேக்கர்.

அருணின் அல்கோ பதறி வாங்கும் கால் ஆப்ஷனை யாரோ ஒருவர் விற்கிறார். அவருக்கு நிஃப்டி ஏறுமா இறங்குமா என்ற கருத்து கிடையாது. விற்ற காலுக்கு ஈடாக ஃப்யூச்சரையோ பங்குகளையோ வாங்கி வைப்பார். எவ்வளவு என்பதை, ஸ்பாட் ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும் என்று காட்டும் டெல்டா சொல்லும். வைகை சாரின் நாளிலேயே, நிமிடத்துக்குச் சுமார் பத்து புள்ளி அலைவு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 2:50க்கு, ஸ்பாட் 26,035 இருக்கும்போது, 100 கால் விற்றவர் சுமார் 37 யூனிட் நிஃப்டி வாங்கி வைத்திருக்க வேண்டும். 2:58க்கு ஸ்பாட் 26,062. இப்போது அவருக்கு 64 யூனிட் தேவை. ஏறிய விலையில் இன்னும் 27 வாங்குகிறார். 3:05க்கு ஸ்பாட் 26,000. தேவை 3 யூனிட்தான். ஏழு நிமிடத்தில் 61 யூனிட்டை இறங்கும் விலையில் கொட்டுகிறார்.

காலையில் இதே 27 புள்ளி நகர்வுக்கு அவர் ஏழெட்டு யூனிட்கூட மாற்ற வேண்டியிருக்காது. நேரம் குறையக் குறைய அதே சின்ன நகர்வுக்குப் பெரிய ஹெட்ஜ் மாற்றம் தேவைப்படுகிறது. ஏறும்போது வாங்கவும் இறங்கும்போது விற்கவும் பலர் ஒரே சமயத்தில் கட்டாயப்பட்டால் 10 புள்ளி நகர்வு 30 ஆகிறது. செய்தி எதுவும் தேவையில்லை. ஃப்யூச்சர் ஓடும், ஃப்யூச்சருக்கும் பங்குகளுக்கும் இடையே விலை விலகியதும் ஆர்பிட்ரேஜ்காரர்கள் பங்குகளை வாங்குவார்கள். அப்படித்தான் அது உங்கள் இண்டெக்ஸ் சார்ட்டில் தெரிகிறது.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு, ராஜா சார் சொல்வதில் பாதி நியாயம் அங்கே இருக்கிறது. ஹெட்ஜ் செய்பவர்கள் ஆப்ஷனை விற்றிருக்காமல் வாங்கி வைத்திருந்தால் எல்லாம் தலைகீழ். ஏறும்போது விற்பார்கள், இறங்கும்போது வாங்குவார்கள். ஸ்பாட் ஒரு ஸ்ட்ரைக்கில் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். அந்த மாதிரி நாளில் மேக்ஸ் பெயின் பலித்ததுபோலத் தெரியும். சிக்கல் என்னவென்றால், ஓப்பன் இன்ட்ரஸ்ட் என்பது எத்தனை ஒப்பந்தம் திறந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். இருவரில் யார் ஹெட்ஜ் செய்பவர், யார் அப்படியே விட்டுவிட்டவர் என்று அந்த எண்ணிலிருந்து தெரியாது. அது தெரியாமல் இன்று ஒட்டுமா, பாயுமா என்று சொல்ல வழியில்லை.

---

ஓஐ_ராஜா | இரவு 9:40

மேடம், ஓஐ கூடவே பிரீமியம் இறங்கினா அது ரைட்டிங், ஏறினா பையிங். இத வச்சு கண்டுபிடிக்கலாமே. நான் அப்படித்தான் பாக்குறேன், எனக்கு வேலை செய்யுது.

---

அல்கோ_அருண் | இரவு 9:51

எக்ஸ்பைரி அன்று மதியம் எல்லா பிரீமியமும் இறங்கத்தானே செய்யும், அண்ணா? அன்றைக்கு அந்த விதிப்படி பார்த்தால் எல்லாமே ரைட்டிங் என்றுதான் வரும்.

---

நெல்லைப் பார்வை | இரவு 10:20

மேடம் சொன்னது தானாக நடப்பது. வேண்டுமென்றே நடத்துவதும் உண்டு என்று செபியே குற்றம் சாட்டியிருக்கிறதே. 2025 ஜூலை 3ஆம் தேதி ஜேன் ஸ்ட்ரீட் குழுமத்தின் மேல் வந்த இடைக்கால உத்தரவைப் படித்தேன். 4,843 கோடி ரூபாயைப் பிடித்து வைக்கச் சொன்னது. 2024 ஜனவரி 17, பேங்க் நிஃப்டி எக்ஸ்பைரி நாள், அதில் முக்கிய உதாரணம். காலையில் வங்கிப் பங்குகளையும் ஃப்யூச்சரையும் வாங்கி இண்டெக்ஸைத் தாங்கிப் பிடித்தார்கள், அதே நேரம் ஆப்ஷனில் அதைவிடப் பல மடங்கு பெரிய எதிர்ப் பொசிஷன் எடுத்தார்கள், பிறகு வாங்கியதை விற்று இண்டெக்ஸை இறக்கினார்கள் என்பது செபியின் வாதம். எக்ஸ்பைரி நாளின் பிற்பகுதியில் பெரிய அளவில் வாங்கியோ விற்றோ க்ளோஸை நகர்த்தியதாக இன்னொரு வகையையும் உத்தரவு தனியாகச் சொல்கிறது. அந்த நிறுவனம் இதை மறுத்து, இது சாதாரண ஆர்பிட்ரேஜ்தான் என்கிறது. விவகாரம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறது.

என் கேள்வி இதுதான். சராசரி முறை இருக்கும்போது கடைசி நேரத்தில் இண்டெக்ஸைத் தள்ளுவதால் யாருக்கு என்ன லாபம்?

---

தேன்மொழி_டெஸ்க் | புதன், காலை 7:10

குற்றச்சாட்டு உண்மையா என்பதற்குள் நான் போகவில்லை, அது தீர்ப்பாயத்தின் வேலை. முறை எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கடைசி ஒரு நிமிடத்தில் 30 புள்ளி தள்ளினால் சராசரி ஒரு புள்ளிதான் நகரும். அதைத் தடுக்கத்தான் இந்த முறை. ஆனால் அரை மணி நேரமும் ஒரே பக்கம் அழுத்திக்கொண்டே இருந்தால் சராசரி முழுதாக நகரும். அதற்குப் பணம் நிறைய வேண்டும், ஆப்ஷனில் பொசிஷன் அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். 3 மணிக்கு முன்பே ஆப்ஷனை விற்றுவிட்டு வெளியேறுபவருக்குச் சராசரி ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு அந்த நேரத்து ஸ்பாட் நகர்ந்தால் போதும்.

வெளியிலிருந்து பார்த்தால் இதே மாதிரி தெரியும் நேர்மையான வேலையும் உண்டு. அதைத்தான் நாங்கள் செய்தோம். 50 பங்குகளின் கூடையை வாங்கி வைத்து, எதிரே ஒரே ஸ்ட்ரைக்கில் கால் ஆப்ஷனை விற்றுப் புட்டை வாங்கியிருப்போம். எக்ஸ்பைரியில் ஆப்ஷன் பக்கம் சராசரி விலையில் தீரும். அதனால் கூடையையும் நாங்கள் சராசரி விலையில் விற்றாக வேண்டும். 3:00க்குத் தொடங்கி நிமிடத்துக்குக் கூடையின் முப்பதில் ஒரு பகுதி வீதம், அந்தந்த நிமிடத்தின் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைத்து, 3:30 வரை விற்போம். பத்து டெஸ்க்குகள் ஒரே பக்கம் இருந்தால் அரை மணி முழுக்க இண்டெக்ஸின் மேல் ஒரு பாரம் இருக்கும். 3:00க்கு எதிர்பாராமல் சரிவு தொடங்கினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

---

வைகைக்கரையான் | காலை 8:02

மேடம், 3:20க்கு சராசரி 26,020 என்று நீங்கள் எடுத்துக்கொண்டது போல நானே கணக்கிட முடியுமா? ஒரு நிமிட கேண்டில்களின் க்ளோஸை எக்செலில் போட்டுச் சராசரி எடுத்தால் போதுமா?

---

தேன்மொழி_டெஸ்க் | காலை 8:35

தோராயமாகப் போதும். ஸ்ட்ரைக்குக்குப் பக்கத்தில் வரும்போது போதாது. ஏனென்றால் நிஜச் சராசரிக்கு ஒவ்வொரு பங்கின் அளவும் எடை, நிமிடங்கள் அல்ல. கடைசிப் பத்து நிமிடத்தில் வழக்கமாகவே அளவு கூடும். உங்கள் நாளில் அது இரண்டு மடங்காகியிருந்தால், அந்தப் பத்து நிமிடம் முந்தைய இருபது நிமிடத்துக்குச் சமமான எடை பெறும். அப்போது உங்களுக்குத் தேவைப்பட்டது 26,110 அல்ல, 26,080தான். அப்படியும் ஸ்பாட் அங்கே வரவில்லை. ஆனால் ஸ்ட்ரைக் 26,040 ஆக இருந்திருந்தால் இந்த வித்தியாசம் முடிவையே மாற்றியிருக்கக்கூடும். கனமான பங்கு ஒன்றில் ஒரே நிமிடத்தில் பெரிய அளவு நடந்தாலும் இப்படித்தான்.

எக்செல் இல்லாமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு ஸ்ட்ரைக்கோடு அதன் கால் விலையைக் கூட்டி, அதன் புட் விலையைக் கழியுங்கள். 26,050 கூட்டல் 1.10 கழித்தல் 18.20. வருவது 26,032.90. க்ளோஸ் எங்கே வரும் என்று சந்தை அந்த நொடியில் நினைப்பது அதுதான். நிஜ க்ளோஸ் 26,034. பங்குவாரியாக அளவு எடை போட்டுக் கணக்கிடும் இயந்திரங்கள் பின்னால் இருப்பதால், நம் எக்செலைவிட அது சரியாக இருக்கும். பிட், ஆஃபர் இரண்டின் நடு விலையை எடுங்கள். கடைசி ட்ரேடின் விலையை எடுத்தால் ஒரு நிமிடம் பழையதாக இருக்கக்கூடும், எக்ஸ்பைரி நாளில் அது போதும் உங்களை ஏமாற்ற.

3 மணிக்கு மேல் நான் இண்டெக்ஸ் சார்ட்டைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க மாட்டேன். இந்த எண்ணைத்தான் பார்ப்பேன். ஸ்பாட் 60 புள்ளி ஏறும் அதே நேரத்தில் இது 12 புள்ளிதான் ஏறியிருக்கும். 3:25க்கு மேல் அசையவே அசையாது.

---

அல்கோ_அருண் | காலை 8:50

அப்படியென்றால் 3 மணிக்கு மேல் காமா, அதாவது ஸ்பாட்டோடு டெல்டா மாறும் வேகம், கூடாமல் குறைகிறது என்றுதானே அர்த்தம்? எல்லா பாடத்திலும் எக்ஸ்பைரி நெருங்க நெருங்க காமா வெடிக்கும் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

---

தேன்மொழி_டெஸ்க் | காலை 9:05

நம் சந்தையில் உச்சம் 3 மணியை ஒட்டி வந்துபோய்விடும். 3:00க்கு மீதி இருப்பது அரை மணி, ஆனால் சராசரி என்பதால் அதன் அலைவு பத்து நிமிடத்துக்குச் சமம். 3:20க்கு ஸ்பாட் மூன்று புள்ளி நகர்ந்தால் க்ளோஸ் ஒரு புள்ளிதான் நகரும். ஹெட்ஜ் செய்பவர் அதற்கேற்பத் தன் பொசிஷனைக் கலைத்துக்கொண்டே வருவார். அதனால்தான் உங்கள் சார்ட்டில் முரட்டுத்தனமான பாய்ச்சல் பெரும்பாலும் 2:30க்கும் 3:10க்கும் நடுவில் இருக்கும். 3:20க்கு மேல் வரும் ஓட்டம் ஆப்ஷனால் வருவது குறைவு. பங்குகளை க்ளோஸ் விலையில் வாங்கி விற்கவேண்டிய ஃபண்டுகளும், இன்ட்ராடே பொசிஷன்களை மூடுவதும்தான் அதற்குப் பெரும்பாலும் காரணம். பிரிப்பு இவ்வளவு சுத்தமாக எல்லா நாளும் இருக்காது. செய்தி வந்த நாளில் இது எதுவும் செல்லாது.

---

சாந்தி_ஓசூர் | முற்பகல் 11:30

நான் வியாழக்கிழமை சென்செக்ஸ் மட்டும் பார்க்கிறேன். அங்கேயும் கடைசி அரை மணி எடைச் சராசரிதான் என்று தெரியும். ஆனால் அது பிஎஸ்இயில் நடந்த ட்ரேடுகளின் சராசரி. அதே 30 பங்குகள் என்எஸ்இயில் நடக்கும் அளவோடு ஒப்பிட்டால் பிஎஸ்இ கேஷ் மார்க்கெட்டின் அளவு மிகக் குறைவு. அப்படியானால் அங்கே க்ளோஸை நகர்த்துவது எளிதில்லையா? கால், புட் வைத்துக் கணக்கிடும் எண்கூட அங்கே 3:25 வரை ஆடிக்கொண்டே இருக்கிற மாதிரி எனக்குத் தெரிகிறது.

---

தேன்மொழி_டெஸ்க் | பிற்பகல் 12:15

விலையை மட்டும் தனியாக நகர்த்துவது கடினம் சாந்தி. ஒரு பங்கு பிஎஸ்இயில் ஒரு ரூபாய் ஏறினால் அதே நொடியில் என்எஸ்இயில் வாங்கி அங்கே விற்க இயந்திரங்கள் காத்திருக்கின்றன. ஆனால் எடை வேறு விஷயம். எந்த நிமிடத்தில் எவ்வளவு அளவு நடந்தது என்பது பிஎஸ்இயில் என்எஸ்இ மாதிரி சீராக இருக்காது. விலையைத் தொடாமலே ஒரு குறிப்பிட்ட நிமிடத்துக்கு அதிக எடை கிடைக்க வாய்ப்புண்டு. நீங்கள் பார்க்கும் ஆட்டத்துக்கு அது காரணமாக இருக்கலாம். சென்செக்ஸ் ஆப்ஷனில் பிட், ஆஃபர் இடைவெளி அகலமாக இருப்பதும் காரணமாக இருக்கலாம். நான் டெஸ்க்கில் இருந்த காலத்தில் நாங்கள் நிஃப்டி மட்டும்தான் செய்தோம்.

---

அல்கோ_அருண் | பிற்பகல் 12:40

என்னிடம் சென்செக்ஸ் பங்குகளின் பிஎஸ்இ ஒரு நிமிட டேட்டா, அளவோடு, சில மாதங்களுக்கு இருக்கிறது. ஒவ்வொரு வியாழனுக்கும் நிமிடச் சராசரி, அளவுச் சராசரி இரண்டையும் எடுத்து அறிவிக்கப்பட்ட க்ளோஸோடு ஒப்பிட்டு இங்கே போடுகிறேன். சாந்தி அக்கா, நீங்கள் 3:15, 3:20, 3:25க்கு எழுதி வைத்த கால், புட் விலைகள் இருந்தால் அனுப்புங்கள், அதையும் சேர்த்துவிடலாம்.

---

ஓஐ_ராஜா | பிற்பகல் 1:05

அருண், அதுலயே ஒவ்வொரு வியாழனும் காலை 11 மணி மேக்ஸ் பெயினையும் தனி வரிசையா போட்டுடுங்க. பாத்துடலாம்.

---

சாந்தி_ஓசூர் | பிற்பகல் 1:20

என் நோட்டில் 3:20 விலைகள் மட்டும் இருக்கின்றன, நடு விலை அல்ல, கடைசி ட்ரேட் விலை. நாளையிலிருந்து மூன்று நேரத்துக்கும் பிட், ஆஃபரோடு எழுதி அனுப்புகிறேன். பழையதை இன்றிரவு தட்டச்சு செய்து தருகிறேன், அதில் இருக்கும் பிழையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.